நாலு பேர் படிச்சும் பிரஸ் ரிலீஸ்ல தப்பு நிக்குதே, ஏன்?

கேள்வி: அக்கா வணக்கம். தட்டாஞ்சாவடில மீன் காய வெக்கிற சோலார் டிரையர் செய்யற கம்பெனில அட்மின் வேல பாக்கறேன். அறிமுக விழாவுக்கு நான்தான் பிரஸ் ரிலீஸ் அடிச்சேன். எம்.டி, டெக்னிக்கல் ஹெட், மார்க்கெட்டிங்னு எல்லாரும் திருத்தினாங்க, எல்லாரும் படிச்சும் பாத்தாங்க. ஆனா எங்க பொருள் ரெண்டு பேப்பர்ல ரெண்டு பேர்ல வந்திருக்கு. எங்க டெக்னிக்கல் ஹெட் மானியம் பத்தி சொன்னத விழாவுக்கு வந்த மீன்வளத்துறை அதிகாரி சொன்னதா போட்டுட்டாங்க. கீழ தொடர்பு நம்பரே இல்லன்னு ஒரு நிருபர் சொன்னார். அடுத்த மாசம் இன்னொரு ரிலீஸ் இருக்கு. எப்படி செக் பண்றது? ஃபைல இணைச்சிருக்கேன், கம்பெனி பேர், பொருள் பேர் வெளியில வேணாம்.

பதில்:

தம்பி, மத்தத அப்புறம் படிங்க, மொதல்ல அந்த அதிகாரிக்கு போன் பண்ணுங்க. பேப்பர்ல வந்துருக்கறது அவர் வாயால வராத பேச்சு, அதுவும் மானியம் பத்தி. அரசு ஊழியர் பத்திரிகைக்கு என்ன சொல்லலாம் சொல்லக்கூடாதுன்னு நடத்தை விதி இருக்கு, இத வெச்சு மேலிடத்துல அவர்கிட்ட விளக்கம் கேட்டா அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? தப்பு எங்க ரிலீஸ்ல சார், இன்னிக்கே எல்லா பத்திரிகைக்கும் திருத்தம் அனுப்பறோம்னு சொல்லிட்டு, நிஜமாவே அனுப்புங்க. திருத்தம்னா மொத்த ரிலீஸையும் சத்தமில்லாம சரி பண்ணி திரும்ப அனுப்பறது இல்ல, டெஸ்க்ல இருக்கறவங்க அத பழைய மெயில்தான்னு தள்ளிட்டு போயிடுவாங்க. மெயில் தலைப்புலயே 'திருத்தம்'னு போட்டு, எந்த தேதி அனுப்பின செய்தி, எந்த பத்தில என்ன இருந்துச்சு, அது எப்படி இருக்கணும்னு மூணே வரில எழுதி, அதுக்குக் கீழ சரியான முழு செய்திய வெச்சு அனுப்புங்க. வெப்சைட்ல வந்தத அன்னிக்கே மாத்திடுவாங்க, அச்சுல வந்ததுக்கு மறுநாள் சின்னதா திருத்தம் போடறதும் போடாததும் அவங்க முடிவு, ஆனா நீங்க அனுப்பின மெயில் அந்த அதிகாரி கைல காட்டறதுக்கு இருக்கணும்.

இப்ப உங்க ஃபைலுக்கு வரேன். பொருள் பேர் வேணாம்னு சொன்னதால இந்த பதில் முழுக்க 'அலை 50'ன்னு மாத்தி எழுதறேன், உங்க கேட்டலாக்ல இருக்கற பெரிய மாடல 'அலை 200'ன்னு வெச்சுக்கறேன்.

எல்லாரும் படிச்சாங்கன்னு சொல்றீங்க, நான் நம்பறேன், எழுத்துப்பிழைன்னு பாத்தா உங்க ரிலீஸ்ல பெருசா ஒண்ணுமே இல்ல. பிரச்சன என்னன்னா உங்க மூணு தப்பும் படிச்சா தெரியற ஜாதி இல்ல. 'அலை சோலார் டிரையர்'ங்கறது தன்னளவுல நல்ல தமிழ்தான். 'அவர் மேலும் கூறினார்'ங்கறதுல ஒரு இலக்கணப் பிழையும் கிடையாது. இல்லாத தொடர்பு வரிய கண்ணு எப்படி பாக்கும்? இந்த மூணையும் ரிலீஸுக்கு வெளிய இருக்கற ஒரு விஷயத்தோட ஒட்டிப் பாத்தாதான் பிடிக்க முடியும், பேர லேபிளோட, பேச்ச பேசின ஆளோட, நம்பர அடிக்கிற போனோட. அதனால அஞ்சாவது தடவ படிக்கிறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா உக்காந்து ஒட்டிப் பாக்கணும்.

பேர்ல ஆரம்பிப்போம். உங்க ஃபைல்ல தலைப்புல 'அலை-50', மொத பத்தில 'அலை 50 சூரிய உலர்த்தி', மூணாவது பத்தில வெறும் 'அலை', அடுத்ததுல 'அலை சோலார் டிரையர்', கடைசில கம்பெனி பத்தின பத்தில 'அலை50 யூனிட்'. யார் யார் கை எங்க பட்டுச்சுன்னு பேர பாத்தே சொல்லிடலாம், மார்க்கெட்டிங் ஆளுக்கு டிரையர், டெக்னிக்கல் ஆளுக்கு யூனிட், உங்களுக்கு உலர்த்தி. நாலு பேரோட வாட்ஸாப் வெர்ஷன ஒண்ணா ஒட்டினா இப்படித்தான் வரும். இது அழகு பிரச்சன மட்டும்னா நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். மூணாவது பத்திய பாருங்க, 'அலை ஒரே நேரத்தில் 200 கிலோ வரை மீன் உலர்த்தும்'னு இருக்கு. அங்க 'அலை'ன்னு எழுதினவர் மனசுல இருந்தது ரெண்டு மாடலும் சேர்ந்த வரிசை, அதுல பெருசோட கொள்ளளவ சொல்லியிருக்கார். ஆனா தலைப்புலேர்ந்து படிச்சுக்கிட்டு வர்ற நிருபருக்கு அலைன்னா அலை 50தான், அதான் ஒரு பேப்பர்ல 'அலை-50 கருவியில் 200 கிலோ'ன்னு வந்துடுச்சு. வீராம்பட்டினத்துல ஒரு மகளிர் குழு அத படிச்சுட்டு சின்ன மிஷின்ல 200 கிலோ போடலாம்னு நம்பி உங்க ஆபீஸுக்கு வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?

அதே பேர்ல இன்னொரு சிக்கலும் ஒளிஞ்சிருக்கு. 50ங்கறது ஒரு தடவ உள்ள போடற பச்ச மீனோட எடைன்னு உங்க லேபிள் சொல்லுது. அஞ்சாவது பத்தில 'ஒரு முறைக்கு 50 கிலோ கருவாடு'ன்னு இருக்கு. பச்ச மீன்ல முக்கால்வாசி தண்ணி, 50 கிலோ போட்டா கருவாடா கைக்கு வர்றது சுமாரா 15லேர்ந்து 20 கிலோதான், மீன் வகையையும் எவ்வளவு காயுதுங்கறதையும் பொறுத்து கூடும் குறையும். தேவனாம்பட்டினத்துல கருவாடு போடற எந்த அம்மாவும் இந்த வரிய படிச்சதும் இது கத வுடறாங்கன்னு பேப்பர மடிச்சு வெச்சுடுவாங்க. அதனால பேர செக் பண்றப்ப பேர் மட்டும் பாக்காதீங்க, பேருக்குப் பக்கத்துல நிக்கிற எண்ணும் அதே மாடலோடதானான்னு சேர்த்துப் பாருங்க.

செய்முறை என்னன்னா, ரிலீஸ தொடறதுக்கு முன்னாடி ஒரு தனி தாள்ல பேர எழுதி வெச்சுடுங்க. நினைவுலேர்ந்து எழுதக்கூடாது, எம்.டி போன்ல சொன்னத வெச்சும் எழுதக்கூடாது. மிஷின்ல ஒட்டியிருக்கற லேபிள், ஜி.எஸ்.டி பில், டிரேட்மார்க் போட்டிருந்தா அந்த விண்ணப்பம், இது மூணுலயும் எப்படி இருக்குன்னு பாத்து எழுதுங்க. மூணும் ஒத்துப் போகலன்னா நீங்களா ஒண்ண எடுத்துக்காதீங்க, எம்.டி கிட்ட கேட்டு முடிவு வாங்கிடுங்க, ஏன்னா அது ப்ரூஃப் பாக்கறவர் எடுக்க வேண்டிய முடிவே இல்ல. தாள்ல நாலு விஷயம் இருந்தா போதும். வரிசையோட பேர் அலை, இந்த மாடலோட பேர் அலை 50, நடுவுல ஒரு இடம் விடணும், கோடு கிடையாது. ரெண்டாவது தடவலேர்ந்து சுருக்கமா எப்படி சொல்லுவோம், இந்தக் கருவின்னா இல்ல அலை 50ன்னேவா. பொதுச்சொல் உலர்த்தியா டிரையரா, ஏதாவது ஒண்ணு. கொள்ளளவு 50 கிலோ பச்ச மீன். இந்தத் தாள திருத்தற எல்லாருக்கும் ரிலீஸோட சேர்த்தே அனுப்பிடுங்க, பாதி சண்ட அங்கயே முடிஞ்சுடும்.

உலர்த்தியா டிரையரான்னு கேட்டா என் விருப்பம் டிரையர்தான், உங்க வாடிக்கையாளர் அப்படித்தான் சொல்றாங்க, பேப்பர்லயும் சோலார் டிரையர்னு போட்டா எல்லாருக்கும் புரியும். ஆனா உலர்த்தின்னு முடிவு பண்ணினாலும் தப்பில்ல, ரெண்டும் கலந்து வரக்கூடாது அவ்வளவுதான், கலந்தா ரெண்டு வேற வேற பொருள்னு படிக்கறவங்க நெனச்சுப்பாங்க.

அடுத்து தேடறது. வேர்டுல கண்ட்ரோல் எஃப் போட்டு 'அலை'ன்னு தேடுங்க, ஒவ்வொண்ணுலயும் நின்னு, இது வரிசைய சொல்லுதா மாடல சொல்லுதான்னு கேட்டு கையால மாத்துங்க. ரீப்ளேஸ் ஆல் மட்டும் அழுத்திடாதீங்க. மொத காரணம் மேல சொன்னதுதான், 200 கிலோ பத்தி இருக்கற எடத்துலயும் அலை 50ன்னு வந்து உக்காந்துடும். ரெண்டாவது காரணம், உங்க ஃபைலோட இன்னொரு வெர்ஷன்ல 'அலைபேசி எண்'னு ஒரு வரி இருக்கு பாருங்க, அது 'அலை 50பேசி எண்'னு ஆயிடும். அலைச்சல், அலைகடல்னு எங்க வந்தாலும் இதே கதி. அப்புறம் மறுபக்கத்துலேர்ந்தும் தேடணும், வெறும் '50'ன்னு போட்டு ஒரு தடவ, ஏன்னா யாராவது 'அலே 50'ன்னோ 'அலை'ய இங்கிலீஷ் எழுத்துலயோ அடிச்சிருந்தா மொத தேடல்ல சிக்கியிருக்காது. கடைசியா டிரையர், உலர்த்தி, யூனிட், கருவி, இயந்திரம்னு பொதுச்சொல் ஒவ்வொண்ணா.

தமிழ்ல தேடறப்ப ஒரு தனி கண்ணி இருக்கு. 'சோலார்'ல வர்ற சோ எழுத்த ரெண்டு விதமா அடிக்கலாம், ஒரே குறியாவும் அடிக்கலாம், இல்ல ரெட்டக்கொம்பு தனியா கால் தனியாவும் சேர்க்கலாம். திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு உள்ள வேற வேற. பி.டி.எஃப்லேர்ந்து எடுத்து ஒட்டினது, பழைய ஃபாண்ட்லேர்ந்து கன்வெர்ட் பண்ணினதுன்னு பல கை மாறின ஃபைல்ல இது அடிக்கடி கலந்திருக்கும், அப்ப நீங்க தேடறது சில இடத்துல சிக்காம போகலாம். சந்தேகம் வந்தா எழுத்துக்குப் பின்னாடி கர்சர வெச்சு பேக்ஸ்பேஸ் ஒரு தடவ அழுத்துங்க. 'சோ' மொத்தமா 'ச' ஆச்சுன்னா ஒரே குறி, 'சே'ன்னு நின்னுச்சுன்னா ரெண்டா அடிச்சது. அதனால தேடல் 'கிடைக்கல'ன்னு சொன்னா உடனே நம்பிடாதீங்க, பிரிண்ட் எடுத்து பேர் வர்ற ஒவ்வொரு இடத்தையும் ஹைலைட்டர்ல பூசி, வரிசையா தாளோட ஒப்பிட்டா முடிஞ்சுது, ஒரு பக்க ரிலீஸுக்கு கொஞ்ச நேர வேலதான்.

பேர் திரும்பத் திரும்ப கெடறதுக்கு தமிழ்ல இன்னொரு காரணம் வேற்றுமை உருபு. 'அலை 50ஐ', 'அலை-50ன்', 'அலை ஐம்பதுக்கு'ன்னு எழுதற கை தானா கோட்ட போடும், எழுத்தால எழுதும். இதுக்கு நான் எல்லாருக்கும் சொல்றது, பேர் மேல உருப ஒட்டாதீங்க, பின்னாடி வர்ற பொதுச்சொல் மேல ஒட்டுங்க. 'அலை 50 டிரையரை', 'அலை 50 டிரையரின்', 'அலை 50 டிரையருக்கு'. பேர் எங்கயும் மாறாம அப்படியே நிக்கும், எண்ணித் தேடறதும் சுலபம்.

பேர இங்கிலீஷ் எழுத்துலதான் போடணும்னு எம்.டி பிடிவாதமா இருந்தா ஒரு எடத்துல, மொத தடவ வர்றப்ப மட்டும் போடுங்க, பக்கத்துலயே தமிழ் எழுத்துலயும் இருக்கணும். சில டெஸ்க்ல இன்னமும் பழைய தமிழ் ஃபாண்ட்லதான் பக்கம் கட்டறாங்க, அந்த ஃபாண்ட்ல இங்கிலீஷ் எழுத்து இருக்கற எடத்துலதான் தமிழ் எழுத்து உக்காந்திருக்கும், அவசரத்துல மொத்த பத்தியையும் செலக்ட் பண்ணி ஃபாண்ட் மாத்தினா உங்க பிராண்ட் பேர் சம்பந்தமே இல்லாத தமிழ் எழுத்தா மாறிடும். தமிழ்ல பக்கத்துல இருந்தா அவங்களுக்கே என்ன இருந்துச்சுன்னு தெரியும்.

ஊர் பேர்லயும் இதே கவனம் வேணும், சுருக்கமா சொல்லிடறேன். உங்க ரிலீஸ்ல பாண்டிச்சேரி, புதுவை, புதுச்சேரி மூணும் இருக்கு. 2006லேர்ந்து அதிகாரப்பூர்வமா புதுச்சேரிதான், அதனால ஊர சொல்ற எடத்துல எல்லாம் புதுச்சேரி போடுங்க. ஆனா ஒரு நிறுவனத்தோட பதிவுப் பேர்லயே பாண்டிச்சேரி இருந்தா அத மாத்த நமக்கு உரிமையில்ல, பல்கலைக்கழகமே இங்கிலீஷ்ல இன்னிக்கும் பழைய பேர்லதான் இருக்கு.

இப்ப அந்த மானியப் பேச்சு. இத நான் விரிவாவே சொல்றேன், ஏன்னா தப்பு எங்க விழுந்துச்சுன்னு உங்க ரெண்டு வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தப்ப தெளிவா தெரிஞ்சுது. உங்க மொத டிராஃப்ட்ல 'நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் கூறியதாவது:'ன்னு ஒரு பத்தி, அதுல டிரையர் எப்படி வேல செய்யுதுன்னு இருக்கு. அடுத்த பத்தி 'அவர் மேலும் கூறுகையில், பெண்களுக்கு 60 சதவீதம் வரை அரசு மானியம் உண்டு என்றார்'. சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் யாரோ, எம்.டியாத்தான் இருக்கணும், விழாவுக்கு வந்த அதிகாரிய கீழ தள்ளிட்டீங்களேன்னு சொல்லி, 'மீன்வளத்துறை அதிகாரி கலந்துகொண்டு முதல் கருவியைப் பயனாளிக்கு வழங்கினார்'ங்கற பத்திய அந்த ரெண்டுக்கும் நடுவுல கொண்டுவந்து வெச்சுட்டார். அவ்வளவுதான். அந்த 'அவர்'ல ஒரு எழுத்து மாறல, ஆள் மட்டும் மாறிடுச்சு. தமிழ்ல அவர்ங்கற சொல் ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணு, எம்.டிக்கும் அதிகாரிக்கும் ஒண்ணு, தனக்கு முன்னாடி கடைசியா யார் பேர் வந்துச்சோ அவங்களோட போய் ஒட்டிக்கும். படிச்ச எல்லாருக்கும் யார் சொன்னாங்கன்னு ஏற்கனவே தெரியும்ங்கறதால யார் கண்ணுலயும் படல. நிருபருக்கு அது தெரியாது, அவர் எழுதினபடி படிச்சார், அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

இன்னொன்னையும் கவனிச்சேன், அதே திருத்தத்துல 'பெண்களுக்கு'ங்கறது 'மீனவர்களுக்கு'ன்னு ஆயிருக்கு. இது ரொம்ப பெரிய தப்பு. 2020ல வந்த பிரதமரோட மத்ஸ்ய சம்பதா திட்டத்துல தனிநபர் பயனாளிக்கு மானிய வரம்பு பொதுப் பிரிவுன்னா 40 சதவீதம், பெண்கள், எஸ்.சி, எஸ்.டின்னா 60 சதவீதம். எல்லா மீனவருக்கும் 60ன்னு, அதுவும் துறை அதிகாரியே சொன்னார்னு பேப்பர்ல வந்தா, ஜனங்க அத வாக்குறுதியா எடுத்துக்குவாங்க, வெட்டி எடுத்துக்கிட்டு ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாங்க. உங்க டிரையர் அந்தத் திட்டத்துல வருமாங்கறதே துறை சொல்ல வேண்டிய விஷயம், கம்பெனில யார் சொன்னாலும் அத ரிலீஸ்ல உறுதியா எழுதாதீங்க. என்னைக் கேட்டா அடுத்த ரிலீஸ்ல மானியப் பேச்சயே எடுத்துட்டு 'மானிய விவரங்களுக்கு மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகலாம்'னு ஒரு வரி போதும்.

பேச்ச செக் பண்றது ரெண்டு கட்டம். மொத கட்டம் தாள்லயே. 'என்றார்', 'கூறினார்', 'தெரிவித்தார்', 'கூறுகையில்', 'கூறியதாவது', அப்புறம் 'அவர்', இந்த ஆறையும் தேடுங்க. ஒவ்வொண்ணுலயும் நின்னு பேனாவால அந்த பேச்சுலேர்ந்து பேசினவர் பதவி எழுதியிருக்கற இடத்துக்கு ஒரு கோடு இழுங்க. கோடு இன்னொரு ஆள தாண்டிப் போகுதுன்னா அந்த இடம் ஆபத்து, அங்க 'அவர்'ர எடுத்துட்டு பதவிய திரும்ப போடுங்க. கொஞ்சம் திரும்பத் திரும்ப வருதேன்னு தோணும், பரவால்ல, பிரஸ் ரிலீஸ்ல பத்திய வெட்டறதும் மாத்தறதும் டெஸ்க்ல நடக்கும், ஒவ்வொரு பத்தியும் தனியா நின்னாலும் யார் பேசறாங்கன்னு தெரியணும். மேற்கோள் குறி இல்லாம 'என்று தெரிவித்தார்'னு வர்றதும் பேச்சுதான், அதையும் விட்டுடாதீங்க.

'கூறியதாவது:'ன்னு ஆரம்பிச்சா 'இவ்வாறு அவர் கூறினார்'னு முடிக்கிற வழக்கம் நம்ம பேப்பர்ல இருக்கறது சும்மா இல்ல, நாலஞ்சு பத்தி ஓடற பேச்சு எங்க முடியுதுன்னு அதுதான் காட்டும். உங்க ஃபைல்ல எம்.டி பேச்சு 'கூறியதாவது:'ன்னு ஆரம்பிச்சு முடியவே இல்ல, அதனால கீழ இருக்கற கம்பெனி வரலாறும் அவரே சொன்ன மாதிரி ஆயிடுச்சு. ஆரம்பம் எத்தன, முடிவு எத்தனன்னு எண்ணிடுங்க, சமமா இருக்கணும்.

ரெண்டாவது கட்டம் ஆளோட. ஒவ்வொருத்தருக்கும் அவங்க பேச்ச மட்டும் தனியா வாட்ஸாப்ல அனுப்புங்க, 'உங்க பேர்ல இந்த வரி பத்திரிகைக்கு போகுது, பேர், இனிஷியல், பதவி, பேச்சு நாலும் சரியா'ன்னு கேளுங்க. முழு ரிலீஸ அனுப்பினா எல்லாரும் எல்லாத்தையும் திருத்த ஆரம்பிப்பாங்க, நீங்க பட்ட பாடு அதுதானே. ஓகேன்னு வந்த பதில எடுத்து வெச்சுக்குங்க. ஓகே வந்ததுக்கு அப்புறம் அந்த வரில ஒரு சொல் மாறினாலும் திரும்ப அனுப்பணும், 'பெண்களுக்கு' 'மீனவர்களுக்கு' ஆன மாதிரி மாத்தம் எல்லாம் ஓகே வாங்கினதுக்குப் பின்னாடிதான் நடக்கும்.

பயனாளி அம்மாவுக்கு போன் போட்டு படிச்சுக் காட்டுங்க. அவங்க சொன்னதா உங்க ரிலீஸ்ல 'இக்கருவி எங்கள் வாழ்வாதாரத்தை வெகுவாக மேம்படுத்தியுள்ளது'ன்னு இருக்கு. நீங்க இணைச்ச ஆடியோல அவங்க சொல்றது 'மழ வந்தா அள்ளிக்கிட்டு ஓட வேணாம், மண்ணு ஒட்டல, காக்கா தூக்கல'. இது ஆள் மாறின பேச்சு இல்லன்னு நீங்க சொல்லலாம், ஆனா அவங்க பேசாத பேச்சுதான். வாழ்வாதாரம்னு பேசினது மார்க்கெட்டிங் டிபார்ட்மெண்ட். 'மழை வந்தால் அள்ளிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, மண் ஒட்டுவதில்லை, காக்கை தூக்குவதில்லை'ன்னு போடுங்க, எழுத்து நடைக்கு மாத்தினாலும் சொன்ன விஷயம் மாறல. எந்த டெஸ்க்கும் அந்த வரிய வெட்ட மாட்டாங்க.

கடைசியா தொடர்பு வரி. நீங்க போடாம விடல தம்பி, போட்டிருக்கீங்க, ஆனா லெட்டர்ஹெட்டோட ஃபூட்டர்ல. வேர்டுல கண்ட்ரோல் ஏ போட்டு காப்பி பண்ணினா ஹெட்டர், ஃபூட்டர்ல இருக்கறது கூட வராது. நீங்க வேர்டு ஃபைல பாத்தீங்க, அதுல நம்பர் இருந்துச்சு, நிருபருக்கு போனது மெயில்ல ஒட்டின வெறும் டெக்ஸ்ட், அதுல இல்ல. லெட்டர்ஹெட் படமா இருந்தாலும் இதே கததான். அதனால தொடர்பு வரி செய்தியோட உடம்புலயே, கடைசி பத்திக்குக் கீழ, அடிச்ச எழுத்தா இருக்கணும். அனுப்பறதுக்கு முன்னாடி எப்படி அனுப்பப் போறீங்களோ அதே வழில உங்க சொந்த மெயிலுக்கும் ஒரு நண்பர் வாட்ஸாப்புக்கும் அனுப்பி, போன்ல திறந்து, கடைசி வரி வரைக்கும் இழுத்துப் பாருங்க.

வரில என்ன இருக்கணும்னா, பேசற ஆளோட பேர், பதவி, மொபைல், மெயில். லேண்ட்லைன் போட்டா 0413ஓட போடுங்க, கடலூர்ல இருக்கற நிருபருக்கும் இது போகுது, அவங்க கோட் 04142, வெறும் ஏழு நம்பர வெச்சு அவங்க எங்க அடிக்கிறது? நம்பர ப்ரூஃப் பாக்கறப்ப படிக்காதீங்க, அடிங்க. அதுவும் நீங்க அடிக்காதீங்க, உங்க விரலுக்கு அந்த நம்பர் மனப்பாடம். பக்கத்து சீட்ல இருக்கறவர் கைல அனுப்பின காப்பிய குடுத்து, அதுல பாத்து அடிக்கச் சொல்லுங்க, மணி அடிக்குதான்னு பாருங்க. மெயில் ஐடிக்கும் அதே மாதிரி ஒரு சோதனை மெயில்.

நிருபருக்கு ஒரு நம்பர், வாங்க நினைக்கிற ஜனங்களுக்கு ஒரு நம்பர்னு ரெண்டா பிரிச்சு, ஒண்ணு மேல 'பத்திரிகையாளர்கள் தொடர்புக்கு மட்டும், பிரசுரத்துக்கு அல்ல'ன்னும், இன்னொண்ணு மேல 'வாசகர்கள் தொடர்புக்கு'ன்னும் தெளிவா போடுங்க. ஒரே நம்பர மொட்டையா விட்டா அது பேப்பர்ல வந்துடும், மறுநாள் காலைலேர்ந்து டெக்னிக்கல் ஹெட்டுக்கு விலை கேட்டு போன் வந்துக்கிட்டே இருக்கும், நடுவுல நிருபர் கூப்பிட்டா லைன் கிடைக்காது.

பத்திரிகை நம்பர் யாரோடதா இருக்கணும்னும் யோசிங்க. மறுநாள் பேப்பருக்கு டெஸ்க்ல உக்காந்து எழுதறது சாயங்காலத்துக்கு மேலதான், சந்தேகம் அப்பதான் வரும், உங்க ஆபீஸ் அதுக்குள்ள பூட்டியிருக்கும். அதனால ரிசப்ஷன் நம்பர் வேணாம், ராத்திரி ஒன்பது மணிக்கும் எடுக்கிற ஒருத்தரோட மொபைல். அவர் கைல அனுப்பின ஃபைனல் காப்பியும் நீங்க எழுதி வெச்ச பேர் தாளும் இருக்கணும், 'சார் 50 கிலோவா 200 கிலோவா'ன்னு டெஸ்க்லேர்ந்து கேட்டா எம்.டி கிட்ட கேட்டு சொல்றேன்னு வெக்காம, அந்தத் தாள பாத்து அங்கயே பதில் சொல்லணும்.